பதில் வர நாலு நிமிஷம் ஆச்சு

"சனிக்கிழமை சாயங்காலம், பாதி மாட்டிய புத்தக அலமாரிக்கு முன்னால், கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டாச்சு. பதில் வர நாலு நிமிஷம் ஆச்சு. சரின்னு சொல்லியாச்சு. அலமாரி இன்னும் பாதியில்தான் நிற்கிறது."

இரண்டு வருடத்துக்கு முன்னால் இன்ஸ்டாகிராமில் ஒரு படத்துக்குக் கீழே நான் எழுதியது இது. 22 சொற்கள், நான்கு வாக்கியங்கள். இதை எழுதி முடிக்க எனக்கு மூன்று இரவுகள் ஆயின. அந்தச் சாயங்காலத்தில் நடந்த மிக அழகான விஷயம் இதில் இல்லை. அதை இதற்குள் வராமல் வைத்திருக்கத்தான் மூன்று இரவும் போனது.

நேரில் சொல்ல வேண்டும் என்று நாங்கள் நினைத்திருந்த ஆட்கள் எல்லாருக்கும் இப்போது சொல்லி முடித்துவிட்டோம். கடைசியாக மிச்சம் இருந்தவள் தூரத்தில் இருக்கும் ஒரு தோழி. போன மாதம்தான் வந்தாள், வந்த அன்றே கேட்டுவிட்டாள். அதனால் இனி எழுதலாம். அவனிடமும் கேட்டேன், "எழுது, ஆனா சரியா எழுது" என்றான்.

நடந்தது இதுதான். நான் வீடு மாறி வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. புத்தகங்கள் எல்லாம் ஏழு அட்டைப்பெட்டிகளில் அப்படியே கிடந்தன. சுவரில் அலமாரி மாட்டிக் கொடுக்கிறேன் என்று அவன் வந்திருந்தான். ஒரு பக்கம் மாட்டி முடித்துவிட்டு, மறுபக்கத்தைத் தோளால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "அந்த டப்பாவுல நீள ஸ்க்ரூ ஒண்ணு எடு" என்றான். டப்பாவைத் திறந்து விரலால் துழாவினேன். ஸ்க்ரூக்களுக்கு நடுவே காகிதத்தில் சுற்றிய ஒரு மோதிரம் இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அலமாரியை விட முடியாமல், திரும்பவும் முடியாமல், சுவரைப் பார்த்தபடியே கேட்டான்.

நான் "ஒரு நிமிஷம் இரு" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டேன்.

அவன் கேட்பதற்கு ஒன்பது நாள் முன்னால் நான் ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தேன். கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று அவனைக் கேட்டு எழுதிய கடிதம், மேலே தேதி போட்டது. எப்போது கொடுப்பது என்று தெரியாமல் ஒரு அகராதிக்குள் வைத்திருந்தேன். அலமாரி இன்னும் மாட்டப்படாததால் அந்த அகராதி ஏழு பெட்டிகளில் ஏதோ ஒன்றில் இருந்தது. மூன்றாவது பெட்டியில் அடியில் கிடைத்தது. திரும்பி வந்து அவன் கையில் கொடுக்க முடியவில்லை, இரண்டு கையும் பலகையில் இருந்தன. முகத்துக்கு நேராக விரித்துப் பிடித்தேன். முதலில் தேதியைப் படித்தான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடியே நின்றிருந்தானாம், 6:22க்குப் போய் 6:26க்கு வந்தேனாம். அந்த நாலு நிமிஷத்தில் அவன் மனதில் என்னவெல்லாம் ஓடியது என்பதை அவன் சொல்லிக் கேட்க வேண்டும்.

அன்று ராத்திரியே உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதினேன். நிறைய வந்தது. இன்ஸ்டாகிராமில் ஒரு படத்துக்குக் கீழே 2,200 எழுத்துக்குறிகள் வரைதான் எழுதலாம், நான் அந்த எல்லையை முட்டிவிட்டேன். ஸ்க்ரூ டப்பா, பெட்டிகள், அகராதி, தேதி, கடிகாரம், அவன் அழுதது, நான் அழுதது, எதுவும் விடவில்லை. பதிவு செய்யும் பொத்தானுக்குப் பக்கத்தில் விரல் போனபோது என் பெரியம்மா மகள் நினைவுக்கு வந்தாள்.

அவளுக்கு அதற்கு முந்தைய வருடம் இதே மாதிரி ஒரு நாள் வந்தது. அழகான கதை, அழகாகவே எழுதியும் போட்டாள். இரண்டு வாரம் கழித்துத் தன் நெருங்கிய தோழிகளைப் பார்க்கப் போனாள். உட்கார்ந்து "அன்னைக்கு என்ன ஆச்சு தெரியுமா" என்று ஆரம்பித்ததும், "படிச்சோமேடி, ரொம்ப அழகா எழுதியிருந்தே" என்று சொல்லி அவர்கள் தேதி, ஏற்பாடு என்று அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் மேல் தப்பே இல்லை. படித்துவிட்டார்கள், அழுதும்விட்டார்கள், தனித்தனியாக, அவரவர் போனில், அவள் பக்கத்தில் இல்லாதபோது. "ஒரு தடவைகூட வாயால சொல்லவே இல்லக்கா" என்று என்னிடம் சொன்னாள். அந்தக் குரல் எனக்கு மறக்கவில்லை. எழுதியதை அழிக்காமல் தனியாகச் சேமித்து வைத்துவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் ஒரு தாளில் அந்தச் சாயங்காலத்தைத் துண்டு துண்டாக எழுதிப் பார்த்தேன். எதைச் சொல்லலாம், எதை வைத்துக்கொள்ளலாம் என்று பிரிக்கத்தான் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் ஒன்று புரிந்தது. எல்லாத் துண்டும் ஒரே எடை இல்லை. ஒரே ஒரு துண்டுதான் மற்ற எல்லாவற்றையும் திருப்பிப் போடுகிறது: கடிதம். அது தெரியாதவரைக்கும் இது அவன் என்னைக் கேட்ட கதை. தெரிந்த நொடியில் வேறு கதை. அப்படியானால் காக்க வேண்டியது அந்த ஒன்றைத்தான். மற்றதையெல்லாம் மறைக்க வேண்டும் என்பதில்லை. கடிதத்துக்கு வழி காட்டும் துண்டுகளை மட்டும் எடுத்தால் போதும். பெட்டிகளைப் பற்றி எழுதினால் "ஏன் பெட்டி" என்று யோசிப்பார்கள், அகராதி என்று எழுதினால் அதற்குள் என்ன என்று யோசிப்பார்கள். இரண்டையும் அடித்தேன்.

ஸ்க்ரூ டப்பாதான் என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது. அது தனியாகவே ஓர் ஆச்சரியம், அதைப் படித்தால் யாருக்கும் சிரிப்பு வரும். அதைக் கொடுத்துவிட்டுக் கடிதத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றியது. ஆனால் மோதிரம் டப்பாவில் இருந்தது என்று எழுதிவிட்டால், கேட்டது அவன்தான் என்பது உறுதியாகிவிடுகிறது. படிக்கிறவர் மனதில் கதை அங்கேயே முடிந்துபோகும். முடிந்துபோன கதையை நேரில் மறுபடி திறப்பது கஷ்டம். அதனால் அதையும் எடுத்தேன், மனசே இல்லாமல்தான்.

அப்படிப் பார்த்தால் மிஞ்சுவது எது? ஒரு நாள், ஒரு அலமாரி, ஒரு கேள்வி, ஒரு பதில், நடுவே நாலு நிமிஷம். இந்த நாலு நிமிஷத்தில்தான் எனக்கு வழி கிடைத்தது. கடிதம் காரணம், தாமதம் அதன் விளைவு. விளைவை எல்லாருக்கும் கொடுக்கலாம், காரணத்தைக் கையில் வைத்துக்கொள்ளலாம். தெரியாதவர் படித்தால் "பாவம், திகைச்சுப் போயிருப்பா" என்று தானே ஒரு காரணம் போட்டுக்கொண்டு சந்தோஷமாக நகர்ந்துவிடுவார். அவருக்குக் கதை முழுசாகவே இருக்கும். என்னை நன்றாகத் தெரிந்தவர்களுக்கு மட்டும் அந்த எண் உறுத்தும். எதையும் யோசிக்காமல் பட்டென்று பதில் சொல்கிறவள் நான், இதற்கு மட்டும் ஏன் நாலு நிமிஷம் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விதான் எனக்கு வேண்டும்.

இது புரிந்த பிறகும் இரண்டாவது இரவு எழுதியது சரியாக வரவில்லை. "நாலு நிமிஷம் ஏன் ஆச்சுன்னு நெருங்கினவங்களுக்கு மட்டும் நேரில் சொல்றேன்" என்று ஒரு வரி சேர்த்திருந்தேன், பின்னால் மூன்று புள்ளி வைத்து. அன்றைக்கு அது குறும்பாகத்தான் தோன்றியது. காலையில் எழுந்து, என்னோடு வேலை செய்கிற, ஆனால் அவ்வளவு பழக்கமில்லாத ஒருவருடைய கண்ணால் படித்துப் பார்த்தேன். "உனக்கு இல்லை" என்று அந்த வரி முகத்துக்கு நேராகச் சொல்கிறது. என் சந்தோஷத்தை அறிந்து வாழ்த்த வந்த மனிதரை வாசலில் நிறுத்துகிறது. இன்னொரு கெடுதலும் உண்டு. ரகசியம் இருக்கிறது என்று அறிவித்துவிட்டால் எல்லாரும் அதைத் தேட ஆரம்பிப்பார்கள். கீழே "என்ன, என்ன" என்று இருபது பேர் கேட்பார்கள், யாராவது ஒருவர் விளையாட்டாக ஊகிப்பார், அந்த ஊகம் சரியாக இருந்துவிட்டால் அவ்வளவுதான். மறைத்த இடம் வெளியே தெரியக்கூடாது. தெரிந்தால் அது மறைத்தது ஆகாது. அந்த வரியும் மூன்று புள்ளியும் போயின.

அடுத்த வடிவத்தை இப்படி ஆரம்பித்தேன்: "கேள்வி வந்தது. நான் எழுந்து போய்விட்டேன்." படிக்க வைக்கும் தொடக்கம் என்று நினைத்தேன். பதிவதற்கு முன்னால் எப்படித் தெரிகிறது என்று பார்க்க, விஷயம் ஏற்கெனவே தெரிந்த என் அண்ணிக்கு மட்டும் அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் போன் வந்தது. "முதல் ரெண்டு வரிய மட்டும் பார்க்கிறவங்களுக்கு என்ன தெரியும்னு யோசிச்சியா? நீ வேண்டாம்னு சொல்லிட்டேன்னுதான் நினைப்பாங்க" என்றார்.

அது உண்மை. படத்துக்குக் கீழே நாம் எழுதுவது முழுசாக உடனே தெரியாது. தொடக்கம் மட்டும் தெரியும், பிறகு more என்று வரும், தொட்டால்தான் மீதி விரியும். நிறையப் பேர் தொடுவதில்லை. சுமார் 125 எழுத்துக்குறிகள் வரை தெரியும் என்று வைத்துக்கொள்ளலாம், போனையும் எழுத்தின் அளவையும் பொறுத்து மாறும். தமிழில் எழுதுகிறவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாம் ஓர் எழுத்து என்று எண்ணுவதைக் கணினி பல சமயம் இரண்டாக எண்ணும். 'கல்யாணம்' நமக்கு ஐந்து எழுத்து. ஒருங்குறியில் புள்ளியும் துணைக்காலும் தனித்தனிக் குறிகள், அதனால் அங்கே அது எட்டு. அப்படிப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியும் இடம் நாம் நினைப்பதைவிடக் குறைவு. செய்தி அந்த இடத்துக்குள் வந்துவிட வேண்டும். ஆச்சரியத்தை வைத்துக்கொள்ளலாம், செய்தியை வைத்துக்கொள்ளக்கூடாது. நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று யாரையும் ஒரு நொடிகூடத் தவிக்க விடக்கூடாது என்பதில் எனக்கு இப்போது உறுதி வந்துவிட்டது.

தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வருவதால் இதில் கொஞ்சம் சிக்கல் இருக்கிறது. நாள், இடம், எதற்கு முன்னால் என்று அடுக்கிக்கொண்டே போனால் 'கேட்டாச்சு' என்பது மறைந்த பகுதிக்குள் போய்விடும். உட்கார்ந்து குறிகளை எண்ணினேன். இப்போது இருக்கிற முதல் வாக்கியம் இடைவெளி, காற்புள்ளி, முற்றுப்புள்ளி எல்லாம் சேர்த்து 106. கல்யாணம் என்ற சொல்லும் வருகிறது, வினையும் வந்து முடிகிறது. அதற்காக 'என் வீட்டில்', 'மழை விட்ட' என்று இரண்டு துண்டுகளை எடுத்தேன். மழையை எடுத்ததில் மட்டும் இப்போதும் கொஞ்சம் வருத்தம் உண்டு.

இனி அந்தச் சொல்லுக்கு வருகிறேன். எனக்குப் பிடித்த பகுதி இதுதான். "அவன் கேட்டான்" என்று எழுதினால் பொய் இல்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. ஒன்பது நாள் முன்னால் தாளில் கேட்டது நான். "நான் கேட்டேன்" என்று எழுதினால் கடிதம் வெளியே வந்துவிடும். "இருவரும் கேட்டோம்" என்றால் இன்னும் மோசம், எல்லாமே வெளியே. நான் ஒரு மணி நேரம் இதிலேயே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் சமையலறையிலிருந்து அம்மா யாரிடமோ போனில் "கேட்டாச்சு, சொல்லியாச்சு, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது" என்று சொல்வது காதில் விழுந்தது. எழுவாயே இல்லை! யார் கேட்டது, யார் சொன்னது என்று ஒன்றும் இல்லாமல், நடந்து முடிந்தது என்பது மட்டும் அந்த 'ஆச்சு'வில் நிற்கிறது. தமிழில் நாம் தினமும் இப்படித்தான் பேசுகிறோம், சாப்பிட்டாச்சு, வந்தாச்சு, கட்டியாச்சு. யாருக்கும் அதில் எதையோ மறைப்பதாகத் தோன்றாது. படிக்கிறவர் தனக்குத் தெரிந்த வழக்கப்படி அவன் கேட்டதாக நினைத்துக்கொள்வார். நான் அவரை ஏமாற்றவும் இல்லை, அவருக்கு எதுவும் குறையவும் இல்லை.

ஏமாற்றக்கூடாது என்பதை நான் ரொம்ப முக்கியமாக நினைத்தேன். இரண்டாவது வடிவத்தில் "நான் கொஞ்சமும் எதிர்பார்க்கவில்லை" என்று ஒரு வரி வந்திருந்தது. மோதிரத்தை எதிர்பார்க்கவில்லை, அது நிஜம். ஆனால் ஒன்பது நாளாகக் கடிதத்தை ஒளித்து வைத்திருந்தவள் கல்யாணப் பேச்சையே எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால், பின்னால் முழுக்கதை கேட்கிற தோழிக்கு அந்த வரி பொய்யாகத் தெரியும். வைத்துக்கொள்வது வேறு, தவறாகச் சொல்வது வேறு. நான் எனக்கு வைத்துக்கொண்ட சோதனை இது: எல்லாம் தெரிந்த பிறகு ஒருத்தி திரும்பிப் போய் இதைப் படித்தால் ஒவ்வொரு வரியும் அப்போதும் உண்மையாக இருக்க வேண்டும், முதல் தடவையைவிடக் கூடுதலாக ஒன்று சொல்லவும் வேண்டும். 'பாதி மாட்டிய அலமாரி' என்பது முதல் தடவை வெறும் இடம். கதை தெரிந்த பிறகு, புத்தகங்கள் ஏன் பெட்டியில் இருந்தன, தேட ஏன் அவ்வளவு நேரம் ஆனது என்பதற்கெல்லாம் அதுதான் காரணம். 'நாலு நிமிஷம்' முதல் தடவை தயக்கம் போலத் தெரியும், பிறகு அது தயக்கத்துக்கு நேர் எதிரானது என்று தெரியும். 'எதிர்பார்க்கவில்லை' மட்டும் சோதனையில் தோற்றது. அடித்துவிட்டேன்.

கடைசி வரி தானாக வந்தது. பதில் சொன்ன பிறகு நாங்கள் அலமாரியைத் தொடவே இல்லை, கீழே இறக்கி ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டோம். ஒரு பக்கத் தாங்கிகள் மட்டும் சுவரில் நின்றன. முடிவு என்று ஒன்று இல்லாமல் நிறுத்தினால் எதையோ விட்டதுபோல இருக்கும், அலமாரியோடு நிறுத்தினால் கதை முடிந்துவிட்டது என்று படிக்கிறவருக்குத் தோன்றும். நடுவில் ஓர் இடைவெளி இருக்கும்போது முடிவு இறுக்கமாக இருப்பது நல்லது என்று நினைக்கிறேன்.

எழுத்தைக் காப்பாற்றினால் போதாது, படமும் கதை சொல்லிவிடும். நான் போட நினைத்த படத்தில் என் கை அலமாரிப் பலகையின் மேல் இருந்தது, விரலில் மோதிரம். அழகான படம். அண்ணிதான் பெரிதாக்கிப் பார்த்துச் சொன்னார், பின்னால் தரையில் பிரித்துப் போட்ட பெட்டியும், பக்கத்தில் கவிழ்ந்த புத்தகங்களும், அவற்றின் மேல் மடித்த ஒரு தாளும் தெரிகின்றன என்று. தாளில் என் கையெழுத்தில் இரண்டு வரி படிக்கும்படி இருந்தது. கீழ்ப்பாதியை வெட்டினேன். நாலைந்து படங்களை வரிசையாகப் போடும் ஆசையையும் விட்டேன். ஒவ்வொரு படமும் தனியாக ஒன்றும் சொல்லாது, வரிசையாகப் பார்த்தால் பெட்டி, புத்தகம், தாள் என்று கதை வெளியே வந்துவிடும். அவனும் தன் பக்கத்தில் தனியாக எழுதுவதாக இருந்தான். அவன் எழுதியதில் ஸ்க்ரூ டப்பா இருந்தது, "அவள் கொண்டுவந்ததைப் பார்த்து" என்றும் இருந்தது. இரண்டு பேர் தனித்தனியாகப் பாதி பாதி மறைத்தால், சேர்த்துப் படிக்கிறவருக்கு முழுசும் கிடைத்துவிடும். அதனால் ஒரே பதிவை இரண்டு பேர் பெயரிலும் வரும்படி போட்டோம்.

நெருங்கிய நண்பர்கள் என்று தனிப் பட்டியல் வைத்து அவர்களுக்கு மட்டும் காட்டும் வசதி அங்கேயே இருக்கிறதே, முழுக்கதையை அங்கே போடலாமே என்று ஒருவர் கேட்டார். நானும் யோசித்தேன். பட்டியலில் யார் யார் என்பது நமக்கு மட்டும்தான் தெரியும், சேர்த்தாலும் எடுத்தாலும் அவர்களுக்கு அறிவிப்பு போகாது, பச்சை வளையம் மட்டும் தெரியும். வசதியானதுதான். ஆனால் என் பட்டியலைத் திறந்து பார்த்தால் அதில் 40 பேருக்கு மேல் இருந்தார்கள். பல வருடத்தில் சேர்ந்தவர்கள், பாதிப் பேரோடு இப்போது பேச்சே இல்லை. அதைவிடப் பெரிய காரணம் என் பெரியம்மா மகளுக்கு நடந்தது. நாற்பது பேருக்கு எழுதினாலும் நாலு பேருக்கு எழுதினாலும், படித்த பிறகு அது படித்த கதைதான். நேரில் சொல்லும்போது அவர்கள் முகம் மாறுவதைப் பார்ப்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அதே சமயம் நெருங்கியவர்கள் இந்தப் பதிவைப் பார்த்துத்தான் விஷயத்தையே தெரிந்துகொண்டார்கள் என்று ஆகிவிடக்கூடாது. ஆச்சரியத்தைக் காக்கிறேன் என்று செய்தியையும் சொல்லாமல் விட்டால் அது வேறு மாதிரி வலி. அதனால் பதிவு போவதற்கு முந்தைய நாள் ஏழு பேருக்குப் போன் செய்தோம். எழுதி அனுப்பவில்லை, பேசினோம். "கல்யாணம் முடிவாகியிருக்கு, எப்படின்னு நேர்ல சொல்றேன், பதிவுல பாதிதான் இருக்கும்" என்று மட்டும். பொதுவில் சொன்னால் ஒதுக்குவதாகிவிடுகிற அதே வாக்கியம், ஒருத்தியிடம் தனியாகச் சொல்லும்போது பரிசாகிவிடுகிறது.

ஒரு தவறும் நடந்தது. அந்த ஏழு பேரில் ஒருத்தி அன்றே வீட்டுக்கு வந்துவிட்டதால் அவளுக்கு முழுக்கதையும் சொல்லிவிட்டோம். மறுநாள் பதிவின் கீழே அவள் முதல் ஆளாக, "அந்த லெட்டரைப் பத்தி எழுதவே இல்லையே!" என்று அன்பாகக் கேட்டிருந்தாள். மூன்று நிமிஷத்தில் பார்த்து நீக்கிவிட்டேன், அதற்குள் இரண்டு பேர் படித்திருந்தார்கள். அவள் மேல் தப்பு சொல்ல முடியாது, எதைச் சொல்லக்கூடாது என்று நான் அவளிடம் சொல்லவே இல்லை. முழுக்கதை தெரிந்தவரிடம் "கடிதத்தை மட்டும் வெளியே சொல்லாதே" என்று பெயர் சொல்லிக் கேட்டுக்கொள்ள வேண்டும். "சஸ்பென்ஸா இருக்கட்டும்" என்று பொதுவாகச் சொன்னால் எது சஸ்பென்ஸ் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? பிறகு வந்த ஒவ்வொருவரிடமும் அப்படிக் கேட்டுக்கொண்டேன், எல்லாரும் காப்பாற்றினார்கள்.

மூன்று வாரம் கழித்துக் கல்லூரித் தோழிகள் மூன்று பேர் வந்தார்கள். அதற்குள் அலமாரி மாட்டியாகிவிட்டது, புத்தகங்களும் ஏறிவிட்டன. உட்காரக்கூட இல்லை, ஒருத்தி, "அந்த நாலு நிமிஷம் என்னடி? நீ பாத்ரூம்ல போய் அழுதேன்னு இவ சொல்றா, நான் இல்லைங்கிறேன்" என்றாள். இன்னொருத்தி நான் அம்மாவுக்குப் போன் செய்திருப்பேன் என்று நினைத்திருந்தாள். மூன்று வாரமாக அவர்களுக்குள் இதைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். நான் அலமாரியிலிருந்து அகராதியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். கடிதம் இப்போதும் அதற்குள்தான் இருக்கிறது.

பிரித்தாள், தேதியைப் பார்த்தாள், விரல் விட்டு எண்ணினாள். நான் எதுவும் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மற்ற இருவரும் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்கள். யாரோ ஒருத்தி "அய்யோ" என்றாள், யாரென்று நினைவில்லை. அப்புறம் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு, போனை எடுத்து அந்தப் பதிவைத் தேடித் திறந்தாள். முதல் வரியை மெதுவாக, சத்தமாகப் படித்தாள். 'கேட்டாச்சு' என்ற இடத்தில் நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"யாரு கேட்டது?"

"நான்தான்" என்றேன். அதே நொடியில் அவனும் சொன்னான்.